விளக்க அட்டையில் இடம் மாறும் சோழர்

(அம்பத்தூரில் ஆற்றிய உரை)



நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகள் எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளின் முன்னே நிற்கையில், ஆங்கில வரியைப் படித்துவிட்டுத் தமிழ் வரியைத் தாண்டிப் போவோரே பலர். அங்ஙனமாயின் ஆங்கில வரி பிழைபட்டால் அவர்தம் வரலாறே பிழைபடும்.

ஓர் அட்டையை எண்ணிப் பாருங்கள். “பிற்காலச் சோழர், தி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம்” என்று தமிழில் உளது. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ‘லேட்டர் சோழா’ என்றும், கிறித்து ஆண்டின் 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் என்றும் எழுதிவிடுவார். இரண்டும் தவறு.

தமிழில் முற்காலச் சோழர் என்றால் கழகக் காலத்துக் கரிகாலன் முதலியோர்; பிற்காலச் சோழர் என்றால் ஏறத்தாழக் கி.பி. 850இல் தலையெடுத்த விசயாலயன் வழியினர். பண்டாரத்தாரும் பிற்காலச் சோழர் வரலாற்றை அவனிடமிருந்தே தொடங்கினார். ஆங்கில நூலார் பலரோ அவ்விசயாலயன் வழியையே பகுத்து, முற்பகுதியை ‘எர்லி சோழா’ என்பர். 1070இல் முடிசூடிய முதற் குலோத்துங்கனையும் அவனுக்குப் பிற்பட்டாரையுமே ‘லேட்டர்’ என்பர். சொல் ஒன்றாயினும் குறிக்கும் காலம் வேறு.

அடுத்தது ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு கிறித்து ஆண்டினும் 31 கூடியது. எனவே தி.பி. 1001 என்பது கி.பி. 970. அது செம்பியன் மாதேவியாரின் மைந்தன் உத்தம சோழன் ஆட்சித் தொடக்கம். ஆங்கிலத்தில் அது 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆகும். எண்ணை அப்படியே விட்டால் அத்திருமேனி முதலாம் இராசராசன் காலத்துக்குத் தள்ளப்படும். ‘லேட்டர்’ என்னும் சொல்லோ அதனை இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் அப்பால் தள்ளும். ஒரே அட்டையில் மரபுப்பெயர் ஒரு காலத்தையும் எண் வேறொரு காலத்தையும் சுட்டுமானால், அங்கே மூலத்தைப் பாராமல் பெயர்த்திருக்கிறார்கள் என்று அறிக.

நம்மவரிடத்தும் ஒரு குறையுண்டு. “ஏறத்தாழக் கி.பி. 1000” என்பதனோடு 31 கூட்டித் “தி.பி. 1031” என்று எழுதி, ‘ஏறத்தாழ’வை விட்டுவிடுகின்றனர். மதிப்பீடாய் இருந்தது கல்வெட்டில் பொறித்த ஆண்டு போலாகிவிடுகிறது! “ஏறத்தாழத் தி.பி. 1030” என்பதே நேர்மை. ஆங்கிலத்திலும் ‘சர்க்கா’ என்னும் சொல் ஆண்டெண்ணின் முன் நிற்றல் வேண்டும்.

சோழனின் ழகரம் ஆங்கிலத்தில் லகரமாய்த் தேய்வது நெஞ்சைச் சுடத்தான் செய்கிறது. ஆயினும் அதற்கு ‘எல்’ எழுத்தின் கீழ்க் கோடிடும் ஆய்வாளர் வழக்கு உண்டு. காலப் பிறழ்ச்சிக்கு அத்தகைய கோடு ஏதும் இல்லை. ஆகவே அவ்வட்டையின் ஆங்கில வரியில் ‘எர்லி’, ‘லேட்டர்’ இரண்டையும் நீக்கிச் சோழர் என்று மட்டும் குறித்து, கிறித்து ஆண்டின் 10ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி என்று எழுதினாலே போதும்.