பாதி பண்டிலில் அவசர வேலை வந்தால்

நல்லூர்ல ஒரு பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசரா இருந்தப்போ நடந்தது. ஓவர்லாக்ல நேவி புளூ டி-சர்ட் ஓடிட்டு இருந்தது. மதியம் ஆபீஸ்ல இருந்து தம்பி ஓடி வந்தார். "அண்ணா, வெள்ளையில 6 சாம்பிள், சாயந்திரம் கூரியர் போகணும்." உடனே மெஷினை நிறுத்தச் சொல்லிட்டேன். கை சேர்க்காத பண்டில் அப்படியே மேஜையில கிடந்தது.

சாம்பிள் நேரத்துக்குப் போயிடுச்சு. ஆனா அந்த மேஜையில ரெண்டு டையிங் லாட் துணி இருந்தது. திரும்பத் தைக்கும்போது ஒரு லாட் உடம்புல இன்னொரு லாட் கை ஏறிடுச்சு. டியூப் லைட்ல ரெண்டும் ஒரே நேவிதான். செக்கிங்ல ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சதும்தான் ஷேடு தெரிஞ்சது. மொத்தம் 14 பீஸ். ஓவர்லாக் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிடும், அதனால பிரிச்சுத் தைச்சா அளவு குறையும்.

அதுக்கப்புறம் எவ்வளவு அவசரம்னாலும் கையில இருக்கிற பண்டிலை முடிச்சிட்டுத்தான் மெஷினைக் கொடுப்பேன். முடியலைன்னா தைச்சது, தைக்காதது தனித்தனியா கட்டி, லாட் நம்பர், சைஸ், எத்தனை பீஸ் பாக்கின்னு சீட்டு எழுதிச் செருகணும். வெள்ளை ஏத்துறதுக்கு முன்னாடி மெஷின்ல ஒட்டியிருக்கிற நேவி பஞ்சைத் துடைக்கணும். மறுபடி நேவி நூல் கோத்ததும் அதே துணி வேஸ்ட்ல தைச்சு இழுத்துப் பார்ப்போம். நூல் அறுந்தா டென்ஷனைத் தளர்த்தணும், பண்டிலை அதுக்கப்புறம்தான் அவிழ்ப்போம்.