திக்கிப் பேசுகிறவரின் எதிரே



வாய் திக்கிப் பேசுகிற ஒருவரை வழியிலோ, வீட்டு வாசலிலோ, அலுவலகத்து மேஜையின் எதிரிலோ சந்திக்கும்போது, அவர் ஒரு சொல்லின் முதல் எழுத்திலே நின்றுவிடுகிற அந்த மூன்று நான்கு விநாடிகளில், கேட்டுக்கொண்டிருக்கிற நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யாமலிருக்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். திக்கலைத் தீர்க்கும் வைத்தியத்தைப் பற்றிய பேச்சு அன்று இது. அதைக் கற்றுத் தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர்கள் அதற்கென்று இருக்கிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் மேஜைக்கு இப்பால் ஓர் இளைஞர் நிற்கிறார் என்றும், அவர் பெயர் கதிரேசன் என்றும் வைத்துக்கொள்வோம். குமாஸ்தா தலை நிமிராமலே "பேரு?" என்கிறார். இளைஞர் வாயைத் திறக்கிறார். அடிநாக்கு மேலெழுந்து அண்ணத்தைத் தொட்டுவிட்டது. நுரையீரலிலிருந்து வந்த காற்று அதன் பின்னே முட்டி நிற்கிறது. நம்மில் மற்றவர்களுக்கு அந்த அடைப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தானே விடுபட்டு, 'க' என்ற ஒலி பிறந்துவிடும். அவருக்கோ அது விடுபடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது. கண்கள் ஒரு பக்கமாகத் திரும்புகின்றன. ஓசை மட்டும் இல்லை. திக்கல் என்றவுடன் "க-க-க" என்று எழுத்து திரும்பத் திரும்ப வருவதையே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓர் எழுத்து நீண்டு இழுபடுவதும் உண்டு, இப்படி ஓசையே அற்று அடைத்துக்கொள்வதும் உண்டு. பார்க்கிறவர் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த மூன்றாவதைத்தான். கேள்வி காதில் விழவில்லை போலும், அல்லது விடை தெரியவில்லை போலும் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்.

கதிரேசனுக்குத் தம் பெயர் மறந்துபோகவில்லை. சொல் அவர் நாவின் மேலேயே முழு உருவத்தோடு இருக்கிறது. இல்லாத ஒன்று உச்சாரணத்தின் முதல் அசைவு ஒன்றுதான். ஆகவே அந்த இடத்தில் நாம் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பது, அவரிடம் ஏற்கெனவே இருக்கிற பொருளையே அவருக்குத் தானம் செய்கிற காரியமாகிறது. அது மட்டுமா? குமாஸ்தா பொறுமையிழந்து "கணேசனா?" என்கிறார். இளைஞர் இப்போது தம் பெயரை அப்படியே விட்டுவிட்டுத் தலையசைக்க வேண்டும், அல்லது "இல்லை" என்று ஒரு புதுச் சொல்லைச் சொல்ல முயல வேண்டும். பிறகு மறுபடியும் 'க' என்ற அந்த எழுத்தின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். "கதிர்வேலா? கதிரவனா?" என்று ஊகங்கள் அடுக்கடுக்காக வர வர, வரிசையில் பின்னால் நிற்கிறவர்களும் எட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கடைசியில், அந்தப் பிரயாசை போதும் என்று அலுத்து, "கதிர்வேல்" என்பதற்கே அவர் தலையை ஆட்டிவிட்டாலும் ஆட்டிவிடுவார். விண்ணப்பத்திலே தவறான பெயர் ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டு பேனாவைப் பிடித்தபடி இருந்திருந்தால் நாலைந்து விநாடிகளில் முடிந்திருக்கக்கூடிய காரியம், இப்படி இரண்டு நிமிஷத்தையும் விழுங்கி, திருத்த மனு ஒன்றையும் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது.

பெயர்தான் பலருக்கு எல்லாவற்றிலும் கடினமான சொல். காரணம் எளிது: மற்றச் சொற்களுக்கெல்லாம் மாற்றுச் சொல் உண்டு, பெயருக்கு இல்லை. திக்குகிறவர்களிலே சிலர் மாற்றுச் சொல் தேடுவதில் அடையும் தேர்ச்சி வியப்பைத் தரும். "மாமா வந்தார்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எங்கள் அம்மாவின் தம்பி வந்தார்" என்பார். 'மா' என்ற எழுத்து அன்றைக்கு அவருக்கு மசியவில்லை என்பது நமக்குத் தெரியாது. கும்பகோணத்துக்குப் போக வேண்டியவர், கண்டக்டரிடம் அந்தப் பெயர் வராமல், அதற்கு அப்பாலுள்ள ஊருக்குக் கூடுதல் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, வழியிலே இறங்கிக்கொள்வதும் உண்டு. வெளிப்பார்வைக்குத் திக்கலே தெரியாமல், உள்ளூர ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே பரிசோதித்துப் பேசிக்கொண்டிருக்கிற இத்தகையவர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் திக்குகிறவர் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு. அவர்களில் ஆண்களே அதிகம்.

திக்கலின் காரணங்களை விரிவாகச் சொல்ல இது இடமில்லை. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பெரும்பாலும் இது தொடங்குகிறது. தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானே மறைந்தும் போகிறது. சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. பேச்சின் அசைவுகளைக் காலம் தவறாமல் நடத்துகிற மூளைப் பகுதிகளின் வேலையிலுள்ள வேறுபாடு இதற்கு அடிப்படை என்பதே இன்றைய சாஸ்திரத்தின் அபிப்பிராயம். திக்குகிறவரைக் கேலி செய்து பேசிக் காட்டினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டிமார் சொல்வது உண்மையன்று. ஆனாலும் கேலியைத் தடுத்த வரையில் அந்தப் பொய்யினால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. நம் சினிமாக்காரர்களுக்கு அந்தப் பாட்டிமார் வாய்க்கவில்லை போலும்.

பஜனையிலே அட்சரம் பிசகாமல் பாடுகிறவர், பேசும்போது மட்டும் திக்குகிறாரே, இது பாசாங்கல்லவா என்று ஐயுறுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலும், பலர் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கும்போதும், காலப்பிரமாணம் வெளியிலிருந்து கிடைத்துவிடுகிறபடியால் திக்கல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நேற்று சரளமாகப் பேசியவர் இன்று ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கப்படுவதும் இதன் இயல்பே.

இனி, காத்திருப்பது ஏன் இத்தனை கடினமாயிருக்கிறது என்று பார்க்கலாம். சாதாரண சம்பாஷணையில் ஒருவர் பேச்சை முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலுள்ள அவகாசம், சராசரியாக ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்குதான். வெவ்வேறு நாட்டு மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே கண்டிருக்கிறார்கள். அந்த வேகத்திலே பழகிய காதுக்கு ஒரு விநாடி மௌனமே நீளமாகத் தோன்றுகிறது. மூன்று விநாடி என்றால் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது போலப் பதறுகிறது. நாம் இடையில் புகுந்து சொல்லை எடுத்துக் கொடுப்பது பல சமயங்களில் அவருடைய கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக அன்று. நம்முடைய சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழிலே பேசுகிற நமக்கு இதில் இன்னும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் மொழியில் வினைமுற்று கடைசியிலே வருகிறது. ஆம் என்பதும் இல்லை என்பதும் அங்கேதான் தீர்மானமாகின்றன. "நாளைக்கு நான் கல்யாணத்துக்குப் போக" என்ற அளவில் ஒருவர் நின்றால், அது போகப்போகிறேன் என்றும் முடியலாம், போகவில்லை என்றும் முடியலாம், போகலாமா என்று நம்மிடம் யோசனை கேட்பதாகவும் முடியலாம். அதற்குள் "ஓ, போகிறீர்களா, சந்தோஷம்" என்று நாம் முடித்து வைத்தால், போக முடியாமைக்கு அவர் சொல்லவிருந்த காரணம் அவரிடமே தங்கிவிடும்.

ஆகையால் காரியம் இவ்வளவே. அவரைக் கண்டதும் மற்றவர்களுக்குச் சொல்வது போலவே வணக்கம் சொல்லி, நம் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்த வேண்டும்; "சௌக்கியமா, எப்போது வந்தீர்கள், குழந்தைகள் எங்கே" என்று மூன்றை அடுக்கினால், எதற்கு முதலில் பதில் சொல்வது என்பதே ஒரு பாரமாகிவிடும். அவர் நிற்கும்போது, நம் பார்வையை எப்போதும் போல அவர் முகத்திலே வைத்திருக்கலாம். உதட்டை உற்றுப் பார்ப்பதும் வேண்டாம், நாகரிகம் என்று எண்ணிக் கூரையைப் பார்ப்பதும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்ப்பது, தலையை வேகமாக ஆட்டுவது, நம் உதடும் அவருடைய சொல்லை முன்கூட்டி உச்சரிப்பது ஆகிய இவை வாய் திறவாமலே செய்கிற குறுக்கீடுகள். "நிதானமாகச் சொல்லுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள்" என்ற உபதேசம் அனுதாபத்திலே பிறந்ததுதான்; ஆனால் அவர் குழந்தைப் பருவத்திலிருந்தே அதைக் கேட்டுச் சலித்தவர், அடைப்போ அவசரத்தினால் மட்டும் வந்ததன்று. நிதானம் வேண்டுமானால் அது நம் பேச்சில் இருக்கட்டும். அவர் முடித்த பிறகும் ஒரு கணம் பொறுத்துப் பதில் சொல்லலாம். முடிவென்று நாம் நினைத்தது நடுவிலே விழுந்த மற்றோர் அடைப்பாகவும் இருக்கக்கூடும்.

கேட்கிறவர்கள் காத்திருந்ததற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், யார்க் கோமகனாயிருந்த காலத்தில், 1925-ல் வெம்பிளி கண்காட்சியின் முடிவு விழாவிலே பேச எழுந்து, திக்கலால் பெரும் அவதிக்குள்ளானார். அடுத்த ஆண்டில் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குச் சென்றார். 1939 செப்டம்பர் 3-ம் தேதி, யுத்தம் மூண்டதையொட்டி அவர் வானொலியிலே பேசியபோது லோக் அதே அறையில் உடனிருந்தார். நின்று நின்று செல்வதற்கான கோடுகள் உரையின் பிரதியில் இடப்பட்டிருந்தன. திக்கல் அவரை விட்டுப் போய்விடவில்லை. நிற்பதற்கு இடங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். வானொலிப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த நிறுத்தங்களில் காத்திருந்தார்கள்; குறுக்கிட்டுச் சொல்லெடுத்துக் கொடுக்கும் வசதி அந்தப் பெட்டியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டெலிபோனில் நிலைமை வேறு. மறுமுனையில் ஓசையற்ற அடைப்பு நேரும்போது, நாம் இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அவர் மறுபடியும் அழைத்து, மறுபடியும் அந்த முதல் சொல்லோடு போராட வேண்டியிருக்கிறது. மணி அடித்து எடுத்ததும் பேச்சு வரவில்லையானால், "சொல்லுங்கள், இருக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து விநாடி சும்மா இருந்தால் போதும்.

திக்கலால் அன்றி, பட்சவாதம் கண்டு பேச்சுக் குறைந்தவர்களின் நிலை சற்று வேறு. அவர்களிலே சிலருக்குச் சொல்லே உள்ளத்தில் அகப்படுவதில்லை. தேடித் தேடி ஓய்கிறார்கள். அங்கே உதவி வேண்டியிருக்கலாம், ஆனாலும் "நான் ஒரு சொல் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சொல்ல வேண்டும், ஆம், இல்லை என்று தலையசைப்பால் விடை சொல்லக்கூடியபடி கேள்வியை அமைப்பதும் நன்று. பக்கத்திலிருக்கிற மனைவியிடமோ மகனிடமோ "ஐயாவுக்குக் காப்பி சர்க்கரையோடா, சர்க்கரை இல்லாமலா?" என்று கேட்பதை விட்டு, ஐயாவையே கேட்கலாம்.

எவராயிருந்தாலும், ஒரு பகுதி விளங்காமற் போனால், விளங்கிற்றென்று பாவனை செய்து தலையாட்ட வேண்டியதில்லை. விளங்கிய மட்டும் திருப்பிச் சொல்லி, "கும்பகோணத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரிந்தது, எந்தக் கிழமை என்பது மட்டும் காதில் விழவில்லை" என்று கேட்டால், அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி சொன்னால் போதும், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிராது.