வாட்சில் தெரியும் சர்க்கரை எண்: எப்போது நம்பலாம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம்மிடம் இரண்டு கடன் மனு வந்தது. இரண்டிலும் காரணம் என்ற இடத்தில் “சர்க்கரை பார்க்கும் வாட்ச்” என்றே எழுதியிருந்தது. ஒன்று, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு அக்கா கேட்டது. இன்னொன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் மகளுக்காக ஒரு அம்மா கேட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பொருள். அந்த வித்தியாசம் தெரியாமல் பணம் போட்டால் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து வரும். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

முதலில் அந்த அக்காவின் வாட்ச். ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், கையில் கட்டினால் போதும், சர்க்கரை தெரியும் என்று விளம்பரம். 3,500 ரூபாய். பக்கத்து வீட்டில் ஒருவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அதை வாங்கி வைத்துச் சோதித்தோம். சாப்பிடுவதற்கு முன் விரலில் ரத்தம் எடுத்து மெஷினில் பார்த்தபோது 138. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 231. வாட்ச் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது. இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது.

அப்படியானால் இரண்டாவது மனு? அது உண்மையான பொருள். ஆனால் அதிலும் அளப்பது வாட்ச் இல்லை. அளப்பது கையில் ஒட்டும் சென்சார். வில்லை மாதிரி வட்டமாக இருக்கும். மேல் கையின் பின்பக்கம் ஒட்டினால், தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் நிற்கும். தோலுக்கு அடியில் உள்ள நீரில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அது அளக்கும். சில வகை நிமிடத்துக்கு ஒரு முறை, சில வகை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த எண்ணை புளூடூத் மூலம் செல்போனுக்கு அனுப்பும். செல்போன் அதை வாட்சுக்கு அனுப்பும். ஆக, சென்சார் அளக்கிறது, போன் கொண்டு வருகிறது, வாட்ச் காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது இந்த முறைதான்.

வாட்சில் இப்படிப் பார்க்கும் வழியைத் தேடியதில் பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்பவரின் சின்ன மகனுக்கு 2012-இல் முதல் வகை சர்க்கரை நோய் வந்தது. சென்சார் இருந்தது, ஆனால் பிள்ளை வெளியே போனால் எண் பிள்ளையோடு போய்விடும். அவர் மென்பொருள் தெரிந்தவர். 2013-இல் அந்த எண்ணை இணையத்துக்கு அனுப்பி, தூரத்திலிருந்தே பார்க்க வழி செய்தார். அதை வாட்சிலும் வர வைத்தார். மற்ற பெற்றோரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். ‘நைட்ஸ்கவுட்’ என்று அதற்குப் பெயர்.

இப்போது நம் சிப்காட் பெண்ணிடம் வருவோம். வயது 20. சின்ன வயதிலேயே முதல் வகை சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரக்காது, தினமும் ஊசிதான். இவர்களுக்கு சர்க்கரை ஏறுவதைவிட திடீரென்று இறங்குவதுதான் உடனடி ஆபத்து. 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், மயக்கம் வரும். அதற்காகத்தான் உறவினர் ஒருவரின் உதவியோடு சென்சார் போட்டார்கள். அத்தையின் பழைய ஸ்மார்ட் வாட்சை இரவல் வாங்கி அதில் எண் வரும்படி செய்தார்கள். சொந்தமாக ஒன்று வாங்கத்தான் அந்த மனு.

ஒரு நாள் நைட் ஷிப்ட். பத்து மணிக்கு வேலை. கம்பெனி விதிப்படி 9.50-க்குப் போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள். அப்போது வாட்சில் 126. நள்ளிரவு 12.35 இருக்கும், உடம்பு வியர்த்தது. வாட்சைப் பார்த்தாள், 126. சரி, புழுக்கம்தான் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தாள். பக்கத்தில் நின்ற பெண், “என்னடி, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டு, முதலுதவி அறைக்கு அழைத்துப் போனாள். விரலில் குத்திப் பார்த்தால் 48! சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள்.

வாட்ச் பொய் சொன்னதா? இல்லை. அந்த 126 பத்து மணிக்கு முன்னால் வந்த எண். புளூடூத் சுமார் ஆறு மீட்டர் வரைக்கும்தான் நன்றாக எட்டும். நடுவில் சுவர், இரும்பு இருந்தால் இன்னும் குறையும். போன் லாக்கரில் தூரமாக இருந்ததால் புது எண் எதுவும் வரவில்லை. வாட்ச் கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டு இருந்தது. நின்றுபோன சுவர்க் கடிகாரம்கூட ஏதோ ஒரு மணியைக் காட்டிக்கொண்டுதானே இருக்கும்? அந்த வாட்சின் ஓரத்தில் சின்ன எழுத்தில் “165 min ago” என்று இருந்தது. 165 நிமிடத்துக்கு முன்னால் வந்த எண் என்று அர்த்தம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எண் வராவிட்டால் அலாரமும் வராது. அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது.

அதனால் வாட்சைப் பார்க்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலில், எத்தனை நிமிடத்துக்கு முன் வந்த எண். பத்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அதை நம்பக் கூடாது. சில செயலிகள் பழைய எண்ணின் குறுக்கே கோடு போட்டுக் காட்டும்; சிலவற்றில் வெறும் கோடுகள் மட்டும் தெரியும். அப்படி நிமிடமோ கோடோ காட்டாத வாட்ச் முகப்பை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

இரண்டாவது, அம்புக்குறி. பலர் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அம்பு நேராகக் கீழே பார்த்தால், பல சென்சார்களில் நிமிடத்துக்கு இரண்டு எண்ணுக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். இப்போது 110 என்றால் இருபதே நிமிடத்தில் 70 ஆகிவிடும். அதே 110 பக்கவாட்டு அம்போடு இருந்தால் பயம் இல்லை.

மூன்றாவதாகத்தான் எண். அதுவும் ரத்தத்தில் உள்ளதைவிட ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கியே வரும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது உண்மை நிலை வாட்சில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே உடம்பு ஒன்று சொல்லி, வாட்ச் வேறு சொன்னால், உடம்பை நம்புங்கள். விரலில் குத்திப் பாருங்கள். குத்திப் பார்க்க வழியில்லை என்றால் முதலில் சர்க்கரை சாப்பிடுங்கள்.

இறங்கினால் என்ன செய்வது? மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அது சுமார் 15 கிராம். கடலை மிட்டாய், சாக்லேட் அவசரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் பொறுத்து விரலில் பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. இந்த நேரத்தில் வாட்ச் இன்னும் இறங்குவதாகவே காட்டும். பயந்துபோய் அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் பிறகு 300-க்கு ஏறிவிடும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

அலாரம் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமாக 70-இல் வைப்பார்கள். நைட் ஷிப்டில் நிற்பவர், தனியாகத் தூங்குபவர் டாக்டரைக் கேட்டு 80-இல் வைத்துக்கொண்டால் சமாளிக்க நேரம் கிடைக்கும். “சிக்னல் இல்லை” என்று சொல்லும் அலாரமும் உண்டு. தொல்லை என்று நிறைய பேர் அதை அணைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அதுதான். போனைச் சத்தமில்லாமல் வைப்பது, பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி, இரண்டுமே அலாரத்தை அடக்கிவிடலாம். மாதம் ஒரு தடவையாவது அலாரம் வாட்சுக்கு வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். இரவில் சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் குறைந்துவிட்டது என்று பொய் அலாரம் அடிக்கும். புரண்டு படுத்தால் சற்று நேரத்தில் எண் ஏறிவிடும். ஆனாலும் விரலில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூங்குவதுதான் நல்லது.

பிறகு அந்தப் பெண்ணோடு நாங்களும் கம்பெனிக்குப் போனோம். டாக்டரிடம் வாங்கிய கடிதத்தைக் காட்டினோம். கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, போனை உறையில் போட்டு, அவள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள சூப்பர்வைசர் மேசையில் வைக்க ஒத்துக்கொண்டார்கள். இப்போது எண் தடையில்லாமல் வருகிறது. பாக்கெட்டில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. அன்றைக்குக் கவனித்த தோழிக்கு எல்லாம் சொல்லித் தந்திருக்கிறோம்.

கடைசியாகக் கடன் விஷயம். வாட்ச் ஒரு தடவைச் செலவு. சென்சார் அப்படி இல்லை. பல வகை 14 நாள்தான் வேலை செய்யும். ஒன்று ஐந்தாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. மாதம் முழுக்கப் போட்டால் பத்தாயிரம்! சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் அந்தக் குடும்பம் டாக்டரிடம் பேசி, நைட் ஷிப்ட் வரும் வாரங்களுக்கு மட்டும் சென்சார், மற்ற நாளில் விரல் பரிசோதனை என்று முடிவு செய்திருக்கிறது. அதற்குத் தக்க மாதிரி தவணையை வைத்துக் கடன் கொடுத்தோம். வாங்கும் முன் கடையில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “இது தானாக அலாரம் அடிக்குமா, இல்லை, போனை மேலே காட்டினால்தான் எண் வருமா?” இரண்டு வகையும் உண்டு.

மாத்திரை சாப்பிடும் அக்காவுக்கு வாட்சும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் பெயர் பதிந்திருக்கிறார். தன் மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரின் 3,500 ரூபாய் மட்டும் போனதுதான்.

உங்கள் குழுவிலும் யாராவது “சர்க்கரை வாட்ச்” என்று மனு கொடுத்தால், “கையில் ஒட்டும் சென்சார் எங்கே?” என்று முதலில் கேளுங்கள். அது இல்லை என்றால் மேலே பேசவே வேண்டாம்.