ஒரே அளவு, இரு வேறு மருத்துவம்



ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அண்ணனுக்கு அகவை 58, தம்பிக்கு 46. இருவரும் ஒரே நாளில் ஒரே மருத்துவரிடம் சென்றனர். இருவர்க்கும் இரத்த அழுத்தம் 146/92 என்றே வந்தது. அண்ணனுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினார். தம்பியிடம், "மூன்று மாதம் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்றார். வீடு திரும்பியதும் அண்ணி கேட்டார்: "அளவு ஒன்றுதானே? தம்பிக்கு வேண்டாத மாத்திரை இவருக்கு மட்டும் எதற்கு?"

அந்த அம்மையாரின் வினா நியாயமானது. அதற்குரிய விடையே இன்றைய உரையின் பொருள்.

முதலில், அந்த 146 என்பது மெய்யான அளவுதானா என்று தெளிய வேண்டும். மாடிப்படி ஏறி வந்த களைப்போடும், அருந்திய காப்பியின் சூடு ஆறுமுன்னும், பேசிக்கொண்டே எடுத்த அளவு கூடுதலாகவே இருக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் மட்டத்தில் தாங்கி வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்தலே முறை. கைப்பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை, பருத்த கையில் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். மருத்துவமனையில் மட்டும் ஏறி, வீட்டில் இறங்கிவிடும் அழுத்தமும் உண்டு. எனவே வேறு வேறு நாள்களில் எடுத்த அளவுகளின் சராசரியையோ, வீட்டில் எடுத்த அளவுகளையோ கொண்டே நோயை உறுதி செய்வர். மருத்துவமனையின் 140/90 என்பதற்கு ஈடாக வீட்டில் 135/85 கொள்ளப்படுகிறது. இவ்விரு சகோதரர்க்கும் அழுத்தம் உறுதியானது என்றே கொள்வோம்.

மேல் அளவு 140 முதல் 159 வரை, கீழ் அளவு 90 முதல் 99 வரை இருப்பதையே மென்மையான உயர் இரத்த அழுத்தம் என்பர். அதற்கும் மேலே 160/100-ஐத் தாண்டினால் எந்தக் கணக்கும் போடாமல் மாத்திரை தொடங்குவர். விவாதம் எழுவதெல்லாம் இந்த இடைப்பட்ட நிலத்திலேதான்.

முன்னாளில் அழுத்தத்தின் எண் ஒன்றையே பார்த்து முடிவு செய்தனர். அந்தப் போக்கை மாற்றியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூர். 1948-இல் அவ்வூர் மக்களுள் 5,209 பேரைத் தேர்ந்து, அவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குப் பக்கவாதம் வந்தது என்று பதிவு செய்தனர். இரத்த அழுத்தம் தனியாக நின்று தாக்குவதில்லை. அகவை, கொழுப்பு, புகை, நீரிழிவு ஆகியவற்றோடு கைகோத்தே தாக்குகிறது என்பது அதனால் புலனாயிற்று. இக்காரணிகளைச் சேர்த்து, அடுத்த பத்தாண்டுகளில் ஒருவருக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கூறுவதே இடர் மதிப்பெண். 1993-இல் நியூசிலாந்து நாட்டார், மென்மையான அழுத்தத்திற்கு மாத்திரை வேண்டுமா என்பதை இவ்வாறு முழு இடரைக் கொண்டே முடிவு செய்க என்று தம் மருத்துவர்க்கு வழிகாட்டினர்.

2008-இல் வெளியான ஃபிரேமிங்காம் அட்டவணையைக் கொண்டு நம் சகோதரர்களின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கூட்டல் தெரிந்த எவரும் போடலாம். இருவரும் புகைப்பதில்லை, இருவர்க்கும் நீரிழிவு இல்லை.

அண்ணனுக்கு 58 அகவை; அதற்கு 10 புள்ளி. மொத்தக் கொழுப்பு 215, அதற்கு 2. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 38 மட்டுமே, அது குறைவாதலால் 1. மேல் அழுத்தம் 146, அதற்கு 2. ஆகக் கூடுதல் 15. ஆண்களுக்குரிய அட்டவணையில் 15 புள்ளிக்கு நேரே உள்ள இடர் நூற்றுக்கு 21.6.

தம்பிக்கு 46 அகவை, 6 புள்ளி. மொத்தக் கொழுப்பு 190, 1 புள்ளி. எச்.டி.எல். 46, புள்ளி இல்லை. அழுத்தத்திற்கு அதே 2. கூடுதல் 9. இடர் நூற்றுக்கு 7.9.

அழுத்தம் இருவர்க்கும் கொடுத்தது இரண்டே புள்ளி. மற்ற வேறுபாடெல்லாம் அகவையாலும் கொழுப்பாலும் வந்தது. இவ்வட்டவணையை வகுத்தோர் 20-க்கு மேற்பட்டதை உயர் இடர் என்றும், 10-க்குக் கீழ்ப்பட்டதைக் குறைந்த இடர் என்றும் கொண்டனர். அண்ணன் ஒரு கரையில் நிற்கிறார், தம்பி மறுகரையில். தம்பி புகைப்பவராக மட்டும் இருந்திருந்தால் மேலும் 4 புள்ளி சேர்ந்து, அழுத்தம் ஓர் எண்ணும் ஏறாமலே இடர் 15.6 ஆகியிருக்கும்.

இனி அண்ணியின் வினாவுக்கு நேர்விடை. மாத்திரையால் மேல் அழுத்தம் 10 அளவு இறங்கினால், பெரிய இதய நோய்களும் பக்கவாதமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இவ்விகிதம் இடர் மிகுந்தோர்க்கும் குறைந்தோர்க்கும் பெரிதும் ஒன்றே. ஆனால் எதிலிருந்து ஐந்தில் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணனைப் போன்ற நூறு பேர் பத்தாண்டுகள் மாத்திரை உண்டால், நோயுறக்கூடிய இருபத்திருவருள் நால்வர் தப்புவர். தம்பியைப் போன்ற நூறு பேர் உண்டால், எண்மருள் ஒருவரோ இருவரோ தப்புவர். மாத்திரையின் தொல்லைகளோ இரு குழுவுக்கும் ஒன்றே: அம்லோடிபினால் கணுக்கால் வீக்கம், எனலாப்ரில் வகையால் வறட்டு இருமல், நாள்தோறும் மறவாமல் உண்ணும் சுமை. பயன் பெரிதாயிருக்கும் இடத்தில் இச்சுமை தகும். சிறிதாயிருக்கும் இடத்தில் மாத்திரையில்லாத வழியைச் சில மாதம் முயன்று பார்ப்பது தவறாகாது. மருத்துவர் ஓரவஞ்சனை செய்யவில்லை. அண்ணனுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் வேண்டுமா என்பதை இதே 21.6 என்னும் எண்ணைக் கொண்டு அவர் ஆராய்வார்.

எனினும், இம்மதிப்பெண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், சிறுநீரகம் பழுதுற்றவர், அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்தவர் ஆகியோர்க்கு இக்கணக்கே கூடாது. அவர்களது இடர் ஏற்கெனவே உயர்ந்தது. ஃபிரேமிங்காம் அட்டவணையில் குடும்ப வரலாற்றுக்கு வரியே இல்லை. தந்தைக்கு 55 அகவைக்கு முன்போ, தாய்க்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், தம்பியின் 7.9 என்பது குறைவாகச் சொன்ன எண் ஆகும். மேலும், வெள்ளையர் மிகுந்த ஊரில் பிறந்த கணக்கு இது. தெற்காசியரின் இடரை இத்தகைய கணக்குகள் குறைத்துக் காட்டக்கூடும். ஆதலின் இங்கிலாந்தில் வழங்கும் கியூரிஸ்க் என்னும் கருவி இந்திய வழியினரைத் தனியே கணக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலகின் 21 பகுதிகளுக்குத் தனித்தனி அட்டவணை வெளியிட்டது; இரத்தப் பரிசோதனை இல்லாத இடத்தில் கொழுப்புக்கு மாற்றாக உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் அட்டவணையும் அதில் உண்டு. ஒரு கருவியின் எண்ணை மற்றொரு கருவியின் எல்லைக்கோட்டோடு ஒப்பிடலாகாது. ஒவ்வொன்றும் எண்ணும் நோய்கள் வேறு.

புலால் உண்ணாத குடும்பத்தார் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. எந்த அட்டவணையிலும் மரக்கறி உணவுக்கெனக் கழிவு இல்லை. அதன் நன்மை கொழுப்பிலும் எடையிலும் அழுத்தத்திலும் தெரிந்தால் உண்டு. தெரியாவிட்டால் கணக்கில் இல்லை. ஊறுகாயும் அப்பளமும் வடகமும் மரக்கறிதான். உப்பும் அவற்றில்தான் இருக்கிறது.

தம்பிக்குச் சொன்ன மூன்று மாதத்திற்கு வருவோம். 'கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுகிறேன்' என்பது சோதனையாகாது. தொடங்கும் நாள், முடியும் நாள், எட்ட வேண்டிய அளவு ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். வழிகாட்டிகள் மூன்று முதல் ஆறு மாதம் வரை காலம் தருகின்றன. நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, சமையலுக்கும் தொடுகறிக்கும் சேர்த்து. இதற்கு மேல் கூடாது. நாளொன்றுக்கு 4 கிராம் அளவு உப்பைக் குறைத்தாலே உயர் அழுத்தமுடையோர்க்கு மேல் அளவு ஐந்து வரை இறங்குகிறது. எடை மிகுந்தவர்க்குக் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஓர் அளவு இறங்கும். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி விரைநடை. மருத்துவரைக் காண்பதற்கு முந்திய ஒரு வாரம் காலையும் மாலையும் இருமுறை அளந்து எழுதி, முதல் நாளை விலக்கி, மற்ற நாள்களின் சராசரியைக் கொள்ள வேண்டும். நல்ல எண்களை மட்டும் எழுதும் வழக்கம் பலரிடம் உண்டு; அது மருத்துவரை ஏமாற்றுவதன்று, தம்மையே ஏமாற்றுவது.

சராசரி 135/85-க்குக் கீழே வந்தால் மாத்திரையின்றித் தொடரலாம். வராவிட்டால் தம்பிக்கும் மாத்திரை உண்டு. குறைந்த இடர் தந்தது தவணையே அன்றி விலக்கு அன்று. தவணையை ஈராண்டாக நீட்டிக்கொள்வதே அடிக்கடி நேரும் பிழை. தம்பிக்கு 50 ஆகும்போது, வேறெதுவும் மாறாவிடினும், அகவையின் புள்ளி 6-இலிருந்து 8 ஆகி, இடர் 11.2-க்கு ஏறிவிடும்.

அண்ணன் வீட்டில் ஆறு மாதம் கழித்து வேறொரு குழப்பம் எழக்கூடும். மாத்திரையால் அழுத்தம் 128-க்கு இறங்கியது கண்டு மகிழ்ந்து, பேரன் அட்டவணையை எடுத்து மீண்டும் கூட்டுகிறான். மாத்திரை உண்போர்க்கு அதில் தனி நிரல் உண்டு. அந்நிரலில் 128-க்கும் 2 புள்ளியே. கூடுதல் மீண்டும் 15, இடர் மீண்டும் 21.6. "அப்படியானால் தாத்தா மாத்திரை வீண்தானா?" வீணன்று. அந்நிரல், நெடுங்காலம் உயர்ந்த அழுத்தத்தோடு வாழ்ந்து, பின்னர் மருந்தால் இறக்கியவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. பழைய அழுத்தம் குழாய்களில் விட்டுச்சென்ற வடுவையும் அது சேர்த்தே எண்ணுகிறது. மாத்திரை தொடங்கலாமா என்று முடிவு செய்யவே இவ்வட்டவணை. தொடங்கிய மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அழுத்தமானியில்தான் பார்க்க வேண்டும்.