தீர்மான நோட்டில் கேள்வியும் ஏறணும்

பொதுக்குழுவில் தணிக்கை அறிக்கையை வாசித்ததும், "கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கிடுறோம். அது போதாது.

இந்த வருஷம் மார்ச் 31 அன்று நம்ம ரொக்கப் புத்தகத்தில் வங்கி இருப்பு 48,000 ரூபாய், பாஸ்புக்கில் 60,000. வித்தியாசத்துக்கு விவரப் பட்டியல் இல்லை என்று ஆடிட்டர் குறிப்பு எழுதியிருந்தார். "அந்தப் பன்னிரண்டாயிரம் யாரு பணம்?" என்று ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. ஒரு குழுவுக்கு மார்ச்சில் கொடுத்த செக், ஏப்ரல் 4-ல்தான் பாஸ் ஆச்சு என்று பொருளாளர் பாஸ்புக்கைக் காட்டினாங்க.

ஆடிட்டர் குறிப்பு, கேள்வி, பதில், செக் நம்பர் எல்லாம் நோட்டில் ஏறின பிறகுதான் கணக்கை ஏற்றோம். கேட்டவங்க பேர் வேண்டாமே என்றார்கள் சிலர், நான் ஒத்துக்கலை. இனி மாசாமாசம் பாஸ்புக்கோடு ஒத்துப்பார்த்துப் பட்டியல் போடுவதாகப் பொருளாளர் சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கு.