பாட்டில் பழகும் இந்தி

படப் பாட்டைக் கேட்டே இந்தி பழக முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எந்தப் பாட்டில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

1955-இல் வந்த ‘ஸ்ரீ 420’ படத்தில் ராஜ் கபூர் சாலையில் நடந்துகொண்டே ஒரு பாட்டுப் பாடுவார். முகேஷின் குரல், சைலேந்திராவின் வரிகள். போட்டிருக்கும் காலணி, காற்சட்டை, தொப்பி எல்லாம் எந்தெந்த நாட்டுடையவை என்று பல்லவி சொல்லிக்கொண்டே போகும். கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் பல்லவி. தொடக்கத்துக்கு இப்படிப்பட்ட பாட்டுதான் வேண்டும்.

ஆனாலும் பாட்டு வரியை அப்படியே பேச்சுக்குக் கொண்டுவரக் கூடாது. மெட்டுக்காக ‘ஹை’ என்ற சொல் வரியின் நடுவிலேயே வந்துவிடும். பேச்சில் அதன் இடம் கடைசி. ‘மேரா கர் படா ஹை’, அதாவது என் வீடு பெரியது. நம் தமிழிலும் வினை கடைசியில்தானே நிற்கிறது! ஆகவே ஒரு வரியைக் கற்றதும், அதைப் பேச்சு வரிசைக்கு மாற்றி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கடினமான வரிகளை என்ன செய்வது? 1957-இல் வந்த ‘பியாசா’வுக்கு சாஹிர் லுதியான்வி எழுதிய பாட்டுகளில் உருதுச் சொற்கள் அடர்ந்திருக்கும். அங்கே எல்லாச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் களைத்துப்போவீர்கள். முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள். பிறகு கா, கோ, ஸே, மே என்று வரும் சின்னச் சொற்களைப் பாருங்கள். நம் வேற்றுமை உருபுகளின் வேலையைத்தான் அவை செய்கின்றன. யார், யாருக்கு, என்ன செய்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மீதியில் இரண்டு சொல்லுக்கு மட்டும் பொருள் தேடினால் போதும். ‘தர்த்-ஏ-தில்’ போன்ற தொடர் வந்தால் பின்னாலிருந்து படியுங்கள்: தில் என்றால் மனம், தர்த் என்றால் வலி, மனதின் வலி. நடுவில் நிற்கும் அந்த ‘ஏ’ பாரசீகத்திலிருந்து வந்த வழக்கு. இது தெரிந்துவிட்டால் இதுபோன்ற பல தொடர்கள் பிடிபடும். வினையே அகப்படவில்லையா? அந்த வரியை விட்டுவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

பாட்டில் காதலியையும் கடவுளையும் ‘தூ’ என்று அழைப்பார்கள். கடைக்காரரிடம் அப்படிப் பேசினால் அவமரியாதை. அவருக்கு ‘ஆப்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘மோரா’, ‘நைனா’ போன்ற சொற்களையும் பாட்டோடு விட்டுவிடுங்கள். பேச்சில் ‘மேரா’, ‘ஆங்க்’ என்பவைதான் வழக்கம்.

பலர் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல்: இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கானா’தான். இந்தியில் அவற்றின் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. அதனால் முதலில் தேவநாகரி எழுத்துகளைப் படித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எழுத்தில் உள்ள வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பாட்டைக் கேளுங்கள்.