ஒரு கடைக்கு மூன்று சொல்

இங்கே ஒஷாவாவில் பழைய புத்தகக் கடை ஒன்று வைக்க நினைக்கும் நண்பர், பெயர்ப்பலகையின் கீழே எழுத ஒரு வரி கேட்டார். அது மாணவரையும் இழுக்க வேண்டும், இளமையில் வாசித்ததைத் தேடி வருபவரையும் இழுக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. மாணவருக்கு விலை குறைய வேண்டும், பதிப்பு புதிதாக இருக்க வேண்டும். மற்றவர் தேடுவதோ பழைய பதிப்பையேதான். அன்று பார்த்த அதே அட்டை, அதே தாள். அதனால் 'மலிவு' என்ற சொல் ஒருவருக்குத் தேன், மற்றவருக்குக் கொஞ்சம் அவமதிப்பு. 'அரிய' என்று எழுதினால் மாணவர் விலைக்குப் பயந்து வாசலோடு போய்விடுவார்.

சென்னை மூர் மார்க்கெட்டுக்கு இப்படி ஒரு வரி தேவைப்படவில்லை. 1985இல் அது எரிந்துபோனது. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னாலே பலருக்குப் பழைய புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. இடமே விளம்பரம். நியூயார்க்கில் 1927இல் தொடங்கிய ஸ்ட்ராண்ட் கடை வேறு வழியில் போனது. முன்பு '8 மைல் புத்தகங்கள்' என்றார்கள், இப்போது '18 மைல்' என்கிறார்கள். அதில் பழையது, புதியது, மலிவு என்று எதுவும் இல்லை. தனக்கு வேண்டியது அங்கே இருக்கும் என்று மாணவர் நம்புகிறார். அலைந்து தேட இடம் இருக்கிறது என்று மற்றவர் மகிழ்கிறார். ஒரே அளவு, இரண்டு ஆசை. ஆனால் நம் நண்பரிடம் மைல் கணக்கில் புத்தகம் இல்லை. ஏழெட்டு அலுமாரிதான்.

முதலில் நான் எழுதியது: 'மறுபடி படிக்க வாங்க.' எனக்கு ஒரே குஷி. 'வாங்க' என்பது வரவேற்பும் ஆகும், விலைக்கு வாங்குவதும் ஆகும். 'படிக்க' என்பது பாடத்துக்கும் பொருந்தும், நாவலுக்கும் பொருந்தும். சென்னையில் இது ஓடும். (பரீட்சையில் தவறியவருக்குக் கொஞ்சம் சுருக்கென்று குத்தும், அது வேறு.)

ஒஷாவாவில் இந்த வரி இரண்டு இடத்தில் உடைகிறது. இங்கே வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் வீட்டில் விருந்தாளியை 'வாங்கோ' என்பார்கள்; விலைக்கு வாங்கச் சொல்லும்போது 'வாங்குங்கோ'. சிலேடை அங்கேயே போயிற்று. இரண்டாவது உடைசல் இன்னும் பெரிது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பாடப் புத்தகத்தைப் படிப்பார்கள், நாவலை வாசிப்பார்கள். "பிள்ளை படிக்குது" என்றால் கையில் கதைப்புத்தகம் இருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். என் வரியைப் பார்க்கும் முதியவர் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கடை என்று எண்ணி நடையைக் கட்டிவிடுவார்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. சென்னையில் இரண்டு வாசகருக்கும் ஒரு சொல் போதும். இங்கே ஆளுக்கொரு சொல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்:

படித்தவை, வாசித்தவை, மறுபடியும்.

இறந்தகாலத்தில் சொன்னதால் 'பழைய' என்ற சொல் தேவைப்படவில்லை. யார் படித்தார், யார் வாசித்தார் என்றும் வரி சொல்லவில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிடலாம் என்பது இங்கே பெரிய வசதி. யாரோ படித்து முடித்த புத்தகம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார், பென்சில் அடிக்கோடுகள் உட்பட. நான் வாசித்தது என்று மற்றவர் எடுத்துக்கொள்வார்.

விலையை அந்த வரியில் சேர்க்கச் சொல்லி நண்பர் கெஞ்சினார். நான் மறுத்தேன். டர்ஹம் கல்லூரியிலும் ஒன்டாரியோ டெக் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இப்போது சில பாடநூல்களோடு இணையப் பயிற்சிக்கான குறியீடு வருகிறது, அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பழைய பிரதியைப் பாதி விலைக்கு வாங்கிய மாணவர் குறியீட்டுக்குத் தனியாகக் காசு கட்ட நேர்ந்தால், பலகையில் உள்ள 'பாதி விலை' பொய்யாகிவிடும். அந்த எச்சரிக்கை புத்தகத்தின் உள் அட்டையில், விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஊரில் பார்த்துப் பழகிய பழைய வாசகத்தையே போடச் சொன்னேன்: 'வாங்கப்படும், விற்கப்படும்.' அதில் 'வாங்கப்படும்' முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பழம்புத்தகத்தை மொத்தமாக இறக்குவதற்கு இங்கே வழி கிடையாது. சரக்கு முழுக்க நம் வீடுகளின் நிலவறைப் பெட்டிகளில்தான் இருக்கிறது. வாசித்தவை என்ற சொல்லைப் பார்த்து உள்ளே வரும் முதியவர்தான் அந்தப் பெட்டிக்கும் சொந்தக்காரர்.

பலகை இன்னும் எழுதப்படவில்லை. 'மறுபடியும்' நீளமாக இருக்கிறது, 'மீண்டும்' போதாதா என்று பலகை எழுதுபவர் கேட்டிருக்கிறார். எனக்கு 'மறுபடி'யை விட மனமில்லை. அதற்குள் 'படி' இருக்கிறது, படி என்றால் பிரதி என்றும் பொருள். உங்களுக்கு எது சரியென்று படுகிறது, கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.